டிக்கெட் ஒருவர் கையில், பணம் இன்னொருவர் கையில்

அப்பா இறந்த மறு வருடம், 2023 மகாளய அமாவாசைக்குக் காசியில் திதி கொடுப்பது என்று வீட்டில் முடிவானது. அமாவாசை அக்டோபர் 14, சனிக்கிழமை. அதற்கு முதல் நாள் பிரயாக்ராஜில் சங்கமம், அடுத்த நாள் காசி என்று அங்கே புரோகிதரிடம் பேசி வைத்திருந்தோம். அம்மா, பெரியம்மா, நான், என் மனைவி என நாலு பேர். 12ஆம் தேதி சென்னையிலிருந்து பெங்களூரு போய், அங்கே விமானம் மாறி வாரணாசி. ஜூலையிலேயே ஒரு ஆன்லைன் டிக்கெட் தளத்தில் வாங்கிவிட்டேன். ஏர்லைன்ஸின் சொந்தத் தளத்தில் வாங்காததற்குக் காரணம் 1,200 ரூபாய்த் தள்ளுபடி கூப்பன். அந்தக் கூப்பனால் நான் அலைந்த அலைச்சலைத்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை ராத்திரி. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஓர சீட் வேண்டும் என்றார். சீட் தேர்ந்தெடுக்கலாம் என்று ஏர்லைன்ஸ் தளத்தில் பி.என்.ஆர். எண்ணைப் போட்டுத் திறந்தேன். நாங்கள் வாங்கியபோது சென்னையில் காலை 6:10க்குக் கிளம்பி 7:15க்கு பெங்களூரு, அங்கிருந்து 9:05க்கு வாரணாசி. இப்போது சென்னை விமானம் 8:35 என்று காட்டியது. பெங்களூரு போய்ச் சேருவது 9:40. வாரணாசி விமானம் மட்டும் அதே 9:05. அதாவது எங்கள் விமானம் பறந்து அரை மணி நேரம் கழித்து நாங்கள் போய் இறங்குவோம்.

எனக்கு ஒரு மெசேஜ்கூட வரவில்லை. டிக்கெட் தளத்தின் ஆப்பைத் திறந்தால் அதில் பழைய நேரமே இருக்கிறது, பக்கத்தில் பச்சை நிறத்தில் 'உறுதி' என்று வேறு.

முதலில் ஏர்லைன்ஸ் கால் சென்டருக்குப் போன் செய்தேன். “சார், இது ஏஜென்ட் புக்கிங். நீங்க அவங்ககிட்டதான் பேசணும்” என்றார்கள். ஏஜென்ட் என்றால் நான் வாங்கிய டிக்கெட் தளம். அவர்களைக் கூப்பிட்டு இருபத்தைந்து நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு, “டைம் மாத்தினது ஏர்லைன்ஸ், அவங்க அப்ரூவல் வந்தாதான் நாங்க எதுவும் செய்ய முடியும். நீங்க வேணும்னா ஆப்ல கேன்சல் போட்டுடுங்க, ரீஃபண்ட் வந்துடும்” என்றார் ஒரு தம்பி. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

ஆப்பில் கேன்சல் பட்டனைத் தொட்டேன். நல்லவேளை, அடுத்த திரையில் கணக்குக் காட்டிவிட்டுத்தான் உறுதி கேட்கிறார்கள். டிக்கெட் விலை நாலு பேருக்கு 31,400. அதற்கு மேல் கன்வீனியன்ஸ் கட்டணம் 1,400, கூப்பன் கழிவு 1,200, ஆக நான் கட்டியது 31,600. திரையில் ஏர்லைன்ஸ் கேன்சல் கட்டணம் தலைக்கு 3,500 வீதம் 14,000, தளத்தின் சேவைக் கட்டணம் தலைக்கு 300 வீதம் 1,200, கொடுத்த கூப்பனைத் திருப்பி எடுத்துக்கொள்வது 1,200, கன்வீனியன்ஸ் கட்டணம் திரும்பாது. கையில் வருவது 15,000. நேரத்தை மாற்றியது அவர்கள், பாதிக்கு மேல் நஷ்டம் எனக்கு.

அந்தத் திரையிலேயே நிறுத்திவிட்டு, மறுநாள் காலை எங்கள் தெருவில் இருக்கும் மாமாவைப் பார்க்கப் போனேன். நங்கநல்லூரில் நாங்கள் இருப்பது மூன்றாவது வீடு, அவர் கடைசி வீடு. எழும்பூரில் முப்பது வருடம் டிராவல் ஏஜென்சி நடத்தி, மகன் வெளிநாடு போன பிறகு மூடிவிட்டவர். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“கேன்சல் அமுக்கிட்டியா?”

“இல்ல மாமா.”

“அமுக்காதே. அமுக்கினா நீயே வேண்டாம்னு சொன்னதா ஆயிடும். அவன் பக்கத்துத் தப்பு, உன் பக்கத்து ஆசையா மாறிடும்.”

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். பயணி தானாகக் கேன்சல் செய்வது ஒரு வகை, ஏர்லைன்ஸ் நேரத்தை மாற்றியோ விமானத்தை ரத்து செய்தோ பயணம் கெடுவது இன்னொரு வகை. முதல் வகைக்கு டிக்கெட்டில் எழுதியிருக்கும் அபராதம் உண்டு. இரண்டாவதற்கு அபராதம் இல்லாமல் முழுப்பணம் அல்லது மாற்று விமானம். ஆனால் ஆப்பில் இருக்கும் அந்தப் பட்டனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதை அமுக்கினால் பெரும்பாலும் முதல் வகைக் கணக்கில்தான் போய் விழும். பிறகு மாற்றுவதென்றால் மனிதர்களிடம் மன்றாட வேண்டும்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி, இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரா என்பது. ஆமாம், ஒரே ஆறெழுத்து. “அப்ப கவலையில்ல” என்றார். சில தளங்களில் விலை குறைவாகக் காட்டுவதற்காக இரண்டு தனித்தனி டிக்கெட்டை ஒட்டி விற்பார்களாம். அப்படியானால் சென்னை விமானத்தை ஓட்டுபவனுக்கு வாரணாசி விமானத்தைப் பற்றிக் கவலையே கிடையாது. இரண்டு மணி நேரம் தள்ளிப் போனாலும் உன்னை பெங்களூருவில் இறக்கிவிட்டேன் பார் என்று போய்விடுவான்.

பிறகுதான் அவர் எனக்குப் பிடிபடும்படி ஒன்றைச் சொன்னார். “டிக்கெட் யார் கட்டுப்பாட்டுல இருக்கு, பணம் யார்கிட்ட இருக்கு, இந்த ரெண்டையும் தனித்தனியாப் பாரு.” எங்களுடையது போன்ற மலிவுக் கட்டண ஏர்லைன்ஸில், ஏஜென்ட் வாங்கினாலும் இருக்கை நேராக ஏர்லைன்ஸின் கணினியிலேயே பதிவாகிறது. அதனால் அதை மாற்றவோ ரத்து செய்யவோ ஏர்லைன்ஸால் முடியும். கால் சென்டர் 'முடியாது' என்பது பெரும்பாலும் 'எனக்கு அனுமதி இல்லை' என்பதுதான். ஆனால் அந்த இருக்கைக்கான பணம் என் கார்டிலிருந்து ஏர்லைன்ஸுக்குப் போகவில்லை. ஏஜென்ட் ஏர்லைன்ஸிடம் முன்பணம் கட்டி வைத்திருப்பார், அதிலிருந்து கழியும். திரும்பி வரும்போதும் அதே கணக்குக்குத்தான் போகும். என் கார்டு எண்ணே ஏர்லைன்ஸுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஜூலை மாத கார்டு ஸ்டேட்மென்டைப் பார்த்தேன். 31,600க்கு நேராக டிக்கெட் தளத்தின் பெயர்தான். ஏர்லைன்ஸின் பெயர் எங்கும் இல்லை. யார் பெயர் அங்கே இருக்கிறதோ அவர்தான் கடைசியில் எனக்குப் பணம் போட வேண்டியவர். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய இதை முதல் நாளே பார்த்திருந்தால் ராத்திரி அவ்வளவு நேரம் போனில் கத்தியிருக்க மாட்டேன்.

பெரிய சர்வதேச ஏர்லைன்ஸ்களில் கதை வேறு என்றார் மாமா. அங்கே ஏஜென்சி தன் எண்ணில் பதின்மூன்று இலக்க டிக்கெட் எண்ணை வெட்டுகிறது. முதல் மூன்று இலக்கம் ஏர்லைன்ஸின் குறியீடு. டிக்கெட்டை வெட்டிய ஏஜென்ட்தான் தேதி மாற்றவும் வேண்டும், ரீஃபண்ட் போடவும் வேண்டும். பயண நேரம் நெருங்கினாலோ விமானம் குழம்பினாலோதான் ஏர்லைன்ஸ் அதைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்து மறுபடி வெட்டிய டிக்கெட்டில் மீதிக்கு ரீஃபண்ட் கேட்டால், ஏஜென்ட் தன் கணினியில் திறக்கவே முடியாமல் 'ஏர்லைன்ஸைக் கேளுங்க' என்பார். அப்போது அவர் சொல்வது பொய் இல்லை. அவருடைய கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இதைப் புரிந்துகொள்ளாமல் அவரைத்தான் திட்டிவிட்டுப் போனார்களாம். அந்தக் கோபம் மாமாவுக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று மதியம் மீனம்பாக்கம் போனேன். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம். உள்நாட்டு முனையத்துக்கு வெளியே ஏர்லைன்ஸ்களின் டிக்கெட் கவுன்டர்கள் உண்டு, உள்ளே போக வேண்டியதில்லை. கவுன்டரில் இருந்த பெண் பி.என்.ஆரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு செப்டம்பர் 25ஆம் தேதியே மெசேஜ் போயிருக்கே சார்” என்றார். எந்த நம்பருக்கு என்று கேட்டேன். கடைசி நாலு இலக்கம் படித்தார். என்னுடையது இல்லை. மின்னஞ்சலும் என்னுடையது இல்லை, யாரோ ஒரு ஏஜென்சியின் முகவரி. இன்னும் வேடிக்கை, திரையில் இருந்த ஏஜென்சியின் பெயர் நான் வாங்கிய தளத்தின் பெயரே இல்லை.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னதும் சிரித்தார். நான் வாங்கிய தளம் இன்னொரு மொத்த வியாபாரியிடமிருந்து எடுத்து எனக்கு விற்றிருக்கிறது. கோயம்பேட்டிலிருந்து வரும் கத்திரிக்காய் தெருவண்டிக்கு வருகிற மாதிரி. அதனால் பணமும் மூன்று கை மாறித்தான் வரும். ஏர்லைன்ஸ் மொத்த வியாபாரிக்குக் கொடுத்து, அவர் தளத்துக்குக் கொடுத்து, தளம் எனக்குக் கொடுக்க வேண்டும். 'இன்னும் எங்களுக்கு வரலை' என்று தளம் சொல்லும்போது அது சில நாளைக்கு நிஜமாகவே இருக்கும். அதற்குப் பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கவுன்டருக்கு வருகிறேன். அந்தப் பெண் முதலில் மாற்று விமானம் பார்த்தார். 12ஆம் தேதி வேறு வழியில் நாலு சீட் சேர்ந்தாற்போல் இல்லை. 13ஆம் தேதி இருக்கிறது, கட்டணம் எதுவும் இல்லை. 13ஆம் தேதி மதியம் வாரணாசியில் இறங்கினால் சங்கமம் போச்சு. வேண்டாம் என்றேன். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் திரையைப் பார்த்து, “கனெக்‌ஷன் உடைஞ்சது எங்க மாற்றத்தாலதான். நாங்களே ஃபுல் ரீஃபண்ட்ல கேன்சல் பண்ணிடறோம். ஆனா பணம் ஏஜென்ட் அக்கவுன்டுக்குத்தான் போகும், உங்க கார்டுக்கு எங்களால போட முடியாது, அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க” என்றார். மாமா சொன்ன அதே வாக்கியம்.

நான் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, கேன்சல் செய்வதற்கு முன்னால் புக்கிங்கில் என் நம்பரையும் மின்னஞ்சலையும் சேர்க்க வேண்டும். இரண்டு, யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு திருப்பினீர்கள் என்பது எழுத்தில் வேண்டும். அவர்கள் தயங்கவில்லை. பத்து நிமிடத்தில் மின்னஞ்சல் வந்தது. பி.என்.ஆர்., அக்டோபர் 7, கேன்சல் கட்டணம் பூஜ்யம், ஏஜென்சி கணக்குக்குத் திருப்பிய தொகை 31,400. பின்னால் எனக்குப் பணம் வாங்கிக் கொடுத்தது முழுக்க முழுக்க இந்த நாலு வரி மின்னஞ்சல்தான். வாய்வார்த்தையாக 'போட்டுட்டோம் சார்' என்பதை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் இன்றைக்கும் அலைந்துகொண்டிருப்பேன்.

ஹைதராபாத் வழியாக வேறு ஏர்லைன்ஸில் நாலு டிக்கெட், இந்த முறை அவர்களுடைய தளத்திலேயே நேரடியாக எடுத்தேன். 46,000 ஆனது. கடைசி வாரத்து விலை. அந்த வித்தியாசத்தை யாரும் தரப்போவதில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குத் திதி முக்கியமாக இருந்தது.

சங்கமத்தில் படகில் இருக்கும்போது செல்போனில் ஒரு மெசேஜ். டிக்கெட் தளத்திடமிருந்துதான். 'உங்கள் பயணம் எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை?' நாங்கள் ஏறாத விமானத்துக்கு.

ஊர் திரும்பியதும் தளத்துக்கு எழுதினேன். ஏர்லைன்ஸின் மின்னஞ்சலை இணைத்தேன். முதல் பதில், 'உங்கள் டிக்கெட் கேன்சல் ஆகவில்லை.' அவர்கள் ஆப்பில் அது இன்னும் பச்சையாகவே இருந்தது. ஏர்லைன்ஸ் நேரடியாகச் செய்தது ஏஜென்ட்டின் திரையில் பல சமயம் தானாக மாறாது. இரண்டாம் முறை பி.என்.ஆரைப் போட்டு ஏர்லைன்ஸ் தளத்தில் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள். அக்டோபர் 20 அன்று மெசேஜ் வந்தது, '29,000 ரூபாய் ரீஃபண்ட் செய்யப்பட்டது.' கார்டைப் பார்த்தேன், வரவில்லை. வங்கியைக் கூப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாள் கழித்து ஆப்பைத் தோண்டியபோது தெரிந்தது, பணம் அவர்களுடைய வாலட்டில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த டிக்கெட் அவர்களிடமே வாங்கினால் பயன்படுத்தலாம். நான் கேட்காமலே.

இந்த இடத்தில் ஒன்று. 'ரீஃபண்ட் செய்துவிட்டோம்' என்று சொன்னால் எங்கே என்று கேளுங்கள். கார்டுக்கு என்றால் ஏ.ஆர்.என். என்ற நீண்ட எண் ஒன்று இருக்கும். அதைக் கொடுத்தால் வங்கி தேடிக் கண்டுபிடித்துவிடும். அந்த எண்ணைத் தர முடியவில்லை என்றால் பணம் கார்டுக்கு அனுப்பப்படவே இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம். நான் கேட்டபோது அவர்களால் தர முடியவில்லை. அப்போதுதான் வாலட்டைத் தேடும் யோசனையே எனக்கு வந்தது.

29,000 எப்படி வந்தது? 31,400இல் கூப்பன் 1,200ஐக் கழித்திருக்கிறார்கள், அது சரி, அது நான் கொடுக்காத பணம். இன்னொரு 1,200 சேவைக் கட்டணம் என்று எடுத்திருக்கிறார்கள். நான் கேன்சல் செய்யவே இல்லை, ஏர்லைன்ஸ் செய்தது, அதுவும் கவுன்டரில். தளம் செய்த சேவை என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த முறை மின்னஞ்சலைக் கொஞ்சம் விறைப்பாக எழுதினேன். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் ரீஃபண்ட் விதி ஒன்று இருக்கிறது, அதன் தளத்தில் பிரிவு 3, எம் வரிசை, பகுதி 2 என்று தேடினால் கிடைக்கும். ஏஜென்ட்டோ ஆன்லைன் தளமோ ஏர்லைன்ஸின் நியமிக்கப்பட்ட பிரதிநிதிகள், ஆகவே அவர்கள் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும் ரீஃபண்ட் பொறுப்பு ஏர்லைன்ஸுடையது என்கிறது அது. அப்போது இருந்த விதிப்படி 30 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். நாள்கணக்கை அவ்வப்போது திருத்துவார்கள், நீங்கள் படிக்கும்போது உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கையில் வைத்திருப்பவர் ஏஜென்ட், பொறுப்பு ஏர்லைன்ஸுக்கு. அதனால் ஒரே மின்னஞ்சலை இரண்டு பேருக்கும் சேர்த்து அனுப்பினேன். தனித்தனியாக எழுதினால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். ஒரே மின்னஞ்சலில் இருவர் பெயரும் இருந்தால் அப்படிக் காட்டுவதற்குக் கொஞ்சம் கூச்சப்படுகிறார்கள்.

வெளிநாட்டு ஏர்லைன்ஸ் என்றால் இந்த விதியை அப்படியே நீட்ட முடியாது. அவர்களுக்கு அவர்கள் நாட்டு விதி என்று இதே ஆவணம் சொல்கிறது.

கூடவே 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் தளத்தின் மேல் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். ஏர்லைன்ஸ் தரப்புக்கு ஏர்சேவா என்ற அரசு தளம் இருக்கிறது, ஆனால் என் விஷயத்தில் ஏர்லைன்ஸ் தன் வேலையைச் செய்துவிட்டதால் அதைத் தொடவில்லை. புகார் எண்ணை மின்னஞ்சலில் சேர்த்த பிறகு தளத்தில் வேறு ஒருவர் பேச ஆரம்பித்தார். வாலட்டிலிருந்து எடுத்து நவம்பர் 7, தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு, 29,000 கார்டுக்கு வந்தது. இந்த முறை ஏ.ஆர்.என்.னும் கொடுத்தார்கள். சேவைக் கட்டணம் 1,200 அடுத்த வாரம் தனியாக வந்தது. கன்வீனியன்ஸ் கட்டணம் 1,400 வரவில்லை. வாங்கும்போதே திரும்பாது என்று போட்டிருந்தார்கள், நான் படிக்கவில்லை. ஆக 1,200 ரூபாய்க் கூப்பனுக்கு ஆசைப்பட்டு, அதைத் திருப்பிக் கொடுத்து, மேலே 1,400 இழந்தேன்.

கார்டு வங்கியிடம் தகராறு பதியும் வழியும் இருந்தது. மாமா அதைக் கடைசிக்கு வை என்றார். அதைத் தொடங்கினால் தளம் பேச்சை நிறுத்திவிட்டு வங்கிக்குப் பதில் எழுதப் போய்விடுமாம். ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு, ரொம்ப நாள் காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

ஏஜென்ட் தளத்தில் வாங்குவதை நான் நிறுத்தவில்லை. போன மாதம்கூட மனைவிக்கு மதுரைக்கு ஒன்று எடுத்தேன், விலை நிஜமாகவே குறைவு. வாங்கிய கையோடு ஏர்லைன்ஸ் தளத்தில் பி.என்.ஆரையும் குடும்பப் பெயர் இடத்தில் மாமனார் பெயரையும் போட்டுத் திறந்து பார்த்தேன். தொடர்பு எண்ணில் வழக்கம்போல யாரோ ஒருவருடைய நம்பர். அதை அழித்து என் நம்பரைப் போட்டேன். அரை மணி நேரத்தில் ஏர்லைன்ஸிடமிருந்து முதல் மெசேஜ் எனக்கு வந்தது.